1709இன் பனியும் 1789இன் ரொட்டியும்

"ஐயா, நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வரலாற்று ஆசிரியை. 14ஆம் நூற்றாண்டிலிருந்து 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பா குளிர்ந்து கிடந்தது, அதனால்தான் பஞ்சம் வந்தது, பிரெஞ்சுப் புரட்சியே அதனால்தான் வெடித்தது என்று ஏதோ ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வந்து பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒரு டிகிரி குறைந்ததற்கா இவ்வளவும்? நான் அவர்களுக்கு என்ன சொல்லட்டும்?"
— ஒரு வாசகி, விருதுநகர்

அன்புள்ள ஆசிரியைக்கு,

பிள்ளைகள் கேட்டதில் மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. குளிர் விளைச்சலைக் குறைத்ததா? குறைந்த விளைச்சல் விலையை எவ்வளவு ஏற்றியது? ஏறிய விலை மக்களைத் தெருவுக்கு இழுத்ததா? முதல் கேள்விக்கு உறுதியாக "ஆம்" சொல்லலாம். இரண்டாவதற்கும் சொல்லலாம், ஆனால் அங்கே கணக்கு நேர்க்கோட்டில் போகாது. மூன்றாவதில்தான் காணொளிக்காரர்கள் அவசரப்படுகிறார்கள். பிரான்சில் 1709, 1789 என்ற இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு பார்ப்போம். ஐரோப்பா முழுவதையும் ஒரே வகுப்பில் சொல்லப் போனால் எதுவும் பதியாது.

முதலில் அந்த ஒரு டிகிரி. அது பல பத்தாண்டுகளின் சராசரி. சராசரி ஒரு டிகிரி இறங்கினால் எல்லா ஆண்டும் ஒரே மாதிரி கொஞ்சம் குளிரும் என்று அர்த்தமில்லை. நல்ல ஆண்டுகள் நல்லபடியாகவே இருக்கும். மோசமான ஆண்டுகள் அடிக்கடி வரும், சில சமயம் அடுத்தடுத்தும் வரும். ஒரு மோசமான ஆண்டைக் கையிருப்பு தாங்கும். இரண்டாவது ஆண்டும் பொய்த்தால் விதைக்கு வைத்ததைச் சாப்பிட வேண்டிவரும். சிறு பனியுகம் என்று சொல்லப்படும் அந்தக் காலத்தின் கொடுமை இந்த அடுத்தடுத்த அடிகளில்தான் இருந்தது. 1315 முதல் 1317 வரை வட ஐரோப்பாவில் விடாத மழை, 1690களில் தொடர்ந்து குளிர்ந்த வசந்தங்கள். அந்த 1690களில்தான் பிரான்ஸ் 1693–94இல் சுமார் 13 லட்சம் பேரை வழக்கத்துக்கு மேல் இழந்தது. பின்லாந்தில் 1696–97இல் மக்கள்தொகையில் ஏறக்குறைய கால் பங்குக்கும் மேல் மடிந்தது.

இதையெல்லாம் எப்படி அறிகிறோம் என்று பிள்ளைகள் கேட்டால், திராட்சை அறுவடைத் தேதியைச் சொல்லுங்கள். பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் எந்த நாளில் திராட்சை பறிக்கலாம் என்பதை ஊர்ப் பொதுவில் முடிவு செய்து அறிவிப்பார்கள். அந்தப் பதிவுகள் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கின்றன. வசந்தமும் கோடையும் வெப்பமாக இருந்தால் பழம் சீக்கிரம் பழுக்கும், குளிர்ந்தால் தள்ளிப்போகும். ஒரு டிகிரி மாறினால் தேதி ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை நகரும். மிக நல்ல சான்றுதான். ஆனால் அது கோடையின் சான்று. ஜனவரி மாதத்தில் என்ன நடந்தது என்று திராட்சைத் தேதி சொல்லாது. 1709இன் பேரழிவு ஜனவரியில் நடந்தது என்பதை மனத்தில் வையுங்கள்.

1708 இலையுதிர் காலத்தில் வழக்கம்போல் குளிர்காலக் கோதுமை விதைக்கப்பட்டது. அது அக்டோபர் வாக்கில் முளைத்து, குளிர்காலம் முழுவதும் சிறு நாற்றாகப் படுத்துக்கிடந்து, வசந்தத்தில் தூர் கட்டி, கோடையில் கதிர் விடும் பயிர். 1709 ஜனவரி 5ஆம் தேதி இரவு குளிர் திடீரென்று இறங்கியது. பாரிஸ் பக்கம் மைனஸ் 20 டிகிரியை ஒட்டிப் போனதாகக் கணக்கிடுகிறார்கள். ஆறுகள் உறைந்தன, வெனிஸ் நகரின் காயல் உறைந்தது, பிரான்சின் தெற்கே ஆலிவ் மரங்கள் பட்டுப்போயின.

இருந்தாலும் கோதுமை நாற்றைக் கொன்றது இந்த முதல் குளிர் மட்டுமல்ல. மண்மேல் பனி விழுந்து கிடந்தால் அது நாற்றுக்குப் போர்வை மாதிரி. மேலே காற்று எவ்வளவு குளிர்ந்தாலும் பனிக்கு அடியில் மண் அந்த அளவுக்குக் குளிராது. ஜனவரி கடைசியில் குளிர் விட்டது, பனி உருகியது, வயலில் தண்ணீர் நின்றது, நாற்றும் குளிரைத் தாங்கும் பக்குவத்தை இழந்தது. அப்புறம் பிப்ரவரியில் மறுபடி உறைந்தது. நின்ற தண்ணீர் பனிக்கட்டியாகி, ஈரமண் உப்பி எழுந்து வேரை அறுத்துவிட்டது. இளகியதும் மறுபடி உறைந்ததும்தான் விளைச்சலைத் தீர்த்துக்கட்டியது. குளிர்காலத்தின் சராசரி வெப்பநிலையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

மார்ச் மாதத்தில் விவசாயிக்கு ஒரு கொடிய குழப்பம். வயல் பழுப்பாகக் கிடக்கிறது. வேர் செத்துவிட்டதா, தளிர்க்குமா? செத்தது என்றால் உடனே உழுது பார்லி விதைக்க வேண்டும். பார்லி வசந்தத்தில் விதைத்துக் கோடையில் அறுக்கிற பயிர். உயிர் இருக்கும்போது உழுதுவிட்டால் கோதுமையும் போகும். சில இடங்களில் அதிகாரிகளே பயிர் தளிர்க்கட்டும் என்று மறு உழவைத் தடுத்துப் பார்த்தார்கள், பிறகு அனுமதித்தார்கள். துணிந்து பார்லி போட்டவர்களுக்கு அந்தக் கோடையில் நல்ல மகசூல் கிடைத்தது. இழப்பு 1693–94 அளவுக்குப் போகாமல் ஏறக்குறைய 6 லட்சத்தோடு நின்றதற்குப் பார்லி ஒரு பெரிய காரணம். அந்த 6 லட்சம் பேரிலும் பலர் நேரடியாகப் பட்டினியால் சாகவில்லை. உடம்பு தளர்ந்து, ஊர்விட்டு ஊர் அலைந்து, டைபஸ் காய்ச்சலிலும் வயிற்றுப்போக்கிலும் போனார்கள்.

இப்போது விலை. 1709இல் பாரிஸ் கோதுமை விலை முந்தைய ஆண்டைப் போல நான்கு மடங்குக்கும் மேல் ஏறியது. மார்ச், ஏப்ரலிலேயே விலை பாய்ந்துவிட்டது என்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். கெட்டுப்போன பயிர் ஆகஸ்டில்தான் அறுவடைக்கு வரவேண்டியது. ஏப்ரலில் சந்தையில் இருந்தது முந்தைய ஆண்டின் தானியம். அடுத்த விளைச்சல் இல்லை என்று தெரிந்ததும் கையில் வைத்திருந்தவர்கள் விற்காமல் நிறுத்தினார்கள்; வாங்குகிறவர்கள் இன்றே வாங்கிவிட முண்டினார்கள். அரசு தானியக் கையிருப்பைக் கணக்குக் காட்டச் சொல்லி ஆணையிட்டது. பதுக்கலைப் பிடிக்க அதிகாரிகள் களஞ்சியம் களஞ்சியமாகப் போனார்கள்.

விளைச்சல் கொஞ்சம் குறைந்தால் விலை ஏன் அவ்வளவு அதிகமாக ஏறுகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இதைக் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. அந்தக் காலத்தில் ஒரு படி விதைத்தால் நாலைந்து படிதான் கிடைக்கும். ஒரு சிறு விவசாயி 20 படி விதைத்து 100 படி அறுக்கிறார் என்று வையுங்கள். அடுத்த விதைக்கு 20. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்குத் தசமபாகம், அது 10. குத்தகை, வரி எல்லாம் சேர்த்து 20. வீட்டுச் சாப்பாட்டுக்கு 40. மிச்சம் 10 படி சந்தைக்குப் போகும். விளைச்சல் 70 படியாகக் குறைகிறது. தசமபாகம் 7 ஆகும்; விதை 20 அப்படியே, குத்தகையும் வரியும் 20 அப்படியே, சாப்பாடும் 40 அப்படியே. தேவை 87, இருப்பது 70. நேற்று 10 படி விற்றவர் இன்று 17 படி வாங்க வேண்டும்.

விளைச்சல் குறைந்தது 30 விழுக்காடு. ஆனால் இவரைப் போன்ற ஆயிரக்கணக்கானவர்களிடமிருந்து சந்தைக்கு வந்தது முழுதாக நின்றுவிட்டது. போதாததற்கு அவர்களும் வாங்குகிறவர்களின் வரிசையில் போய் நின்றார்கள். அதே சமயம் குத்தகையைத் தானியமாக வாங்கும் நிலப்பிரபுவிடமும், தசமபாகம் சேர்த்த மடத்திலும் விற்க இருப்பு இருக்கும். பஞ்ச ஆண்டில் அவர்கள் வருமானம் கூடும். பஞ்சம் எல்லோருக்கும் பஞ்சமாக இருக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் இந்தக் கணக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் கிரெகரி கிங் என்பவரின் பெயரால் ஒரு மதிப்பீடு வந்தது. 1699இல் சார்லஸ் டாவெனன்ட் அதை அச்சிட்டார். விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை 30 விழுக்காடு கூடும். இரண்டு பங்கு குறைந்தால் 80 விழுக்காடு. மூன்று பங்கு குறைந்தால் 160. பாதியாகிவிட்டால் 450 விழுக்காடு கூடும். இதை ஒரு சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வளைவு எப்படிச் செங்குத்தாகிறது என்பதைக் காட்ட மட்டும் இது உதவும். கப்பலில் தானியம் வரக்கூடிய துறைமுக ஊரில் வளைவு தணியும். மலைக்குள் இருக்கும் ஊரில் இன்னும் செங்குத்தாகும். 1709இல் பிரான்ஸ் ஸ்பானிய வாரிசுரிமைப் போரில் சிக்கியிருந்தது. எதிர்ப்பக்கத்தில் நின்ற இங்கிலாந்தும் டச்சுக்காரர்களும்தான் கடலில் பலம் வாய்ந்தவர்கள். பால்டிக் துறைமுகங்களிலிருந்தும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் தானியம் தேடுவது அதனால் பெரும்பாடாயிற்று. குளிரோடு போரும் சேர்ந்ததுதான் அந்த ஆண்டின் விலை.

இங்கே ஒப்பிட்டுப் பார்க்க இங்கிலாந்து நல்ல உதாரணம். அதே ஜனவரிக் குளிர் அங்கும் அடித்தது, கோதுமை விலை அங்கும் ஏறியது. ஆனால் நாடு தழுவிய பஞ்சச் சாவு இல்லை. ஏழைகளுக்கு உதவ ஊர்தோறும் வரி வசூலிக்கும் சட்டம் 1601இலிருந்தே இருந்தது. வசந்தத்தில் விதைக்கும் பார்லியும் ஓட்ஸும் நிறைய விளைந்தன. கடல் வழியாகவும் ஆற்று வழியாகவும் தானியத்தை நகர்த்துவது எளிதாக இருந்தது. குளிர் ஒன்றுதான், விளைவு வேறு.

சரி, கலகம். 1709இல் பிரான்சில் கலகம் இல்லாமல் இல்லை. பாரிஸ் சந்தைப் பெண்கள் வெர்சாய் அரண்மனையை நோக்கிக் கிளம்பி வழியில் தடுத்துத் திருப்பப்பட்டார்கள். ஆகஸ்ட் 20ஆம் தேதி ரொட்டிக்கு வேலை என்ற ஏற்பாட்டில் பாரிஸில் கூடிய வேலையற்றவர்களுக்குப் போதுமான ரொட்டி கிடைக்கவில்லை. கூட்டம் கடைகளைச் சூறையாடியது, படை சுட்டது. கிராமப்புறங்களில் தானிய வண்டிகளை மறித்தார்கள். பதினான்காம் லூயி ஜூன் 12ஆம் தேதி தன் மக்களுக்கு ஒரு கடிதம் எழுதி ஊர் ஊராகப் படிக்கச் சொன்னார். ஒரு முடிமன்னர் போரைத் தொடர வேண்டிய காரணத்தைக் குடிமக்களுக்கு விளக்கியது அந்தக் காலத்தில் அபூர்வம். அவ்வளவு சாவுக்குப் பிறகும் முடியாட்சி விழவில்லை.

இந்தக் கலகங்கள் எங்கே, எப்போது நடந்தன என்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பழைய தானியம் தீர்ந்து புதியது வராத ஏப்ரல் முதல் ஜூலை வரையான மாதங்களில்தான் அதிகம் நடக்கும். பட்டினியின் உச்சத்தில் கிடப்பவர்களிடம் கலகம் செய்யத் தெம்பு இருக்காது. கூலி வேலை இருந்து, வாங்கும் சக்தி நேற்றுவரை இருந்து, இன்று கை நழுவுகிறவர்கள்தான் முதலில் கிளம்புவார்கள். இடம் என்று பார்த்தால், பெருநகரத்துக்குத் தானியம் போகும் சாலைகளும் ஆற்றுத்துறைகளும். தன் ஊர்ப் பிள்ளைகள் பசியோடிருக்க மூட்டை மூட்டையாகப் பாரிஸுக்குப் போவதைக் கண்ணால் பார்க்கிற ஊர்கள் அவை. பெரும்பாலும் அவர்கள் தானியத்தைக் கொள்ளையடிக்கவில்லை. வண்டியை நிறுத்தி, தாங்கள் நியாயம் என்று கருதிய விலையைச் சொல்லி, அந்த விலைக்குக் காசு கொடுத்து வாங்கினார்கள். 1775 ஏப்ரல், மே மாதங்களில் பாரிஸைச் சுற்றி நூற்றுக்கணக்கான இடங்களில் இப்படி நடந்ததற்கு "மாவுப் போர்" என்றே பெயர். அதற்கு முந்தைய செப்டம்பரில் நிதியமைச்சர் துர்கோ தானிய வணிகத்தின் மீதிருந்த கட்டுப்பாடுகளை நீக்கியிருந்தார். அந்த ஆண்டு விளைச்சலும் சுமாராகத்தான் இருந்தது. மக்களின் கோபம் பருவத்தின் மீது போகவில்லை, விலையை விட்டுவிட்ட அரசின் மீது போனது.

இனி 1789. காணொளி இங்கேதான் சறுக்குகிறது. 1788 குளிர்ந்த கோடை அல்ல. வசந்தத்தில் வறட்சி, அப்புறம் வெயில். பர்கண்டியில் திராட்சை அந்த ஆண்டு சீக்கிரமாகவே பழுத்தது. மழையில்லாமல், பால்பிடிக்கும் பருவத்தில் வெயில் சுட்டதால் கோதுமை மணி சுருங்கியது. ஜூலை 13ஆம் தேதி லுவார் பகுதியிலிருந்து வடகிழக்காக ஒரு பெரிய ஆலங்கட்டி மழை அடித்து, முற்றிய கதிர்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டு போனது. ஆக, விளைச்சலைக் கெடுத்ததில் குளிருக்குப் பங்கு குறைவு. குளிர் அடுத்து வந்தது. 1788–89 குளிர்காலம் கடுமையானது. ஆறுகள் உறைந்ததால் நீரால் ஓடும் மாவு ஆலைகள் நின்றன, படகுகள் நின்றன. தானியம் இருந்த இடத்திலும் மாவு கிடைக்கவில்லை.

பாரிஸில் சுமார் 2 கிலோ எடையுள்ள ரொட்டி, சாதாரண காலத்தில் சூ என்ற அந்தக் காலத்துச் சில்லறைக் காசில் 8 அல்லது 9 சூ விலைக்குக் கிடைத்தது. 1789 பிப்ரவரியில் அது பதினான்கரை சூ ஆனது. ஒரு சாதாரணக் கூலியாளின் தினக்கூலி 20 முதல் 30 சூ வரை. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இப்படி ஒரு ரொட்டிக்கு மேலேயே தேவைப்படும். பொருளியல் வரலாற்றாளர் எர்னஸ்ட் லாப்ரூஸ், கூலியாளின் வருமானத்தில் ரொட்டிக்குப் போன பங்கு 1788இல் 58 விழுக்காடாக இருந்து 1789இல் 88 விழுக்காடாக ஏறியது என்று கணக்கிட்டார். மீதியிருக்கும் காசில் துணி வாங்க முடியாது. துணி விற்காவிட்டால் நெசவாளிக்கு வேலை போகும். 1786இல் இங்கிலாந்தோடு செய்துகொண்ட வணிக ஒப்பந்தத்தால் நெசவுத் தொழில் ஏற்கெனவே அடி வாங்கியிருந்தது. ரொட்டி விலை ஏறிய அதே மாதங்களில் கூலியும் நின்றது. ஏப்ரல் 27, 28 தேதிகளில் பாரிஸில் ரெவெய்யோன் என்ற சுவர்த்தாள் தயாரிப்பாளரின் வீட்டைக் கூட்டம் தாக்கியது, அவர் கூலியைக் குறைக்கச் சொன்னார் என்று பரவிய பேச்சால்தான்.

இவ்வளவுக்கும் 1789இல் பஞ்சச் சாவு 1709இன் அருகில்கூட வரவில்லை. சாவு அதிகமான ஆண்டில் அரசு நின்றது, குறைவான ஆண்டில் சாய்ந்தது. பிள்ளைகள் முன்னால் இதை வையுங்கள். குளிர்தான் காரணம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

என் பதில் இது. 1788 ஆகஸ்டில் அரசு கடன்களுக்குப் பணம் கொடுப்பதையே நிறுத்தியிருந்தது. வரி போட வழி தெரியாமல், மதகுருமார், பிரபுக்கள், பொதுமக்கள் என்ற மூன்று வகுப்பினருக்கான, 1614க்குப் பிறகு கூடாத சபையைக் கூட்ட ஒப்புக்கொண்டது. அதற்காக 1789 மார்ச், ஏப்ரலில் ஒவ்வொரு ஊரிலும் மக்களைக் கூட்டி, உங்கள் குறைகளை எழுதித் தாருங்கள் என்று அரசே கேட்டது. ரொட்டி மிக அதிக விலைக்கு விற்ற, களஞ்சியம் காலியான, வேலை இல்லாத மாதங்கள் அவை. 1709இல் பசித்தவர் தனியாக அலைந்தார். 1789இல் பசித்தவர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து தசமபாகத்தையும், நிலப்பிரபுவின் உரிமைகளையும், உப்பு வரியையும் பற்றி எழுதினார்கள். தானிய வணிகத்தை 1787இல் மறுபடி தளர்த்தியிருந்ததால், மேலிருப்பவர்கள் வேண்டுமென்றே பஞ்சத்தை உண்டாக்குகிறார்கள் என்ற வதந்திக்கும் உரம் கிடைத்தது. விலை உச்சத்தை ஒட்டி நின்ற நேரத்தில்தான் பாரிஸ் மக்கள் பாஸ்டில் சிறைக்கோட்டையைத் தாக்கிய ஜூலை 14 வந்தது. அக்டோபர் 5ஆம் தேதி ரொட்டி கேட்டு வெர்சாய்க்குப் போன பெண்கள் இந்தத் தடவை திருப்பி அனுப்பப்படவில்லை, அரச குடும்பத்தையே பாரிஸுக்கு அழைத்துவந்தார்கள். புரட்சி எந்த மாதத்தில் வெடித்தது என்பதில் பருவத்துக்கும் ரொட்டி விலைக்கும் பெரிய பங்கு உண்டு. அது ஏன் புரட்சியாக மாறியது என்பதை வானிலைப் பதிவுகளில் தேட முடியாது.

வகுப்பில் இதைச் செய்துபார்க்க ஒரு வழி. பலகையில் 1693–94, 1709, 1789 மூன்றையும் எழுதி, கூடவே 1816–17ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1815இல் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்த பிறகு, அடுத்த ஆண்டு மேற்கு ஐரோப்பாவில் கோடையே வராத மாதிரி இருந்தது. சுவிட்சர்லாந்திலும் தென் ஜெர்மனியிலும் தானிய விலை தாறுமாறாக ஏறியது. ஒவ்வோர் ஆண்டுக்கும் எதிரே பயிரைக் கெடுத்தது குளிரா, மழையா, வறட்சியா என்று பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். அப்புறம் விலை ஏறத் தொடங்கியது அறுவடைக்கு முன்பா பின்பா, தானியம் வெளியிலிருந்து வர வழி இருந்ததா, அரசிடம் பணமும் படையும் இருந்தனவா, கடைசியாக ஆட்சி கவிழ்ந்ததா என்றும் எழுதட்டும். முதல் பத்தியில் குளிர் என்று எழுதிய ஆண்டுகளும் கடைசிப் பத்தியில் ஆட்சி கவிழ்ந்தது என்று எழுதிய ஆண்டும் ஒன்றல்ல என்பதை அவர்களே கண்டுபிடித்து உங்களிடம் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ஒரு முழு வகுப்பு ஒதுக்குங்கள்.